டன் கணக்கில் தேய்மானம்: உற்பத்தி ஏறி இறங்கும் கிரஷருக்கு

கேள்வி: எங்கள் பழைய கிரஷரில் ஒரு வருடம் 2 லட்சம் டன்னுக்கு மேல் உடைப்போம், அடுத்த வருடம் 70 ஆயிரம் டன் தேறுவதே பெரும்பாடு. நேர்கோட்டு முறையில் தேய்மானம் போடுவதால் மந்தமான வருடத்தில் டன்னுக்கு விழும் செலவு எங்கோ போய்விடுகிறது. புதிதாக வாங்கும் கிரஷருக்கு உற்பத்தி அலகு முறையில் போடலாமா? மொத்தம் எத்தனை டன் என்று எதை வைத்து முடிவு செய்வது? ஓடாமல் நிற்கும் வருடத்தில் தேய்மானமே போடாமல் விடலாமா?

பதில்:

போடலாம். ஆனால் பிளாண்ட் முழுவதற்கும் போடாதீர்கள். கல் உள்ளே போகப் போகத் தேயும் பகுதிகளுக்கு மட்டும் போடுங்கள். சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 16 இந்த முறையைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. சொத்தின் பயன் எந்தப் போக்கில் தீர்கிறதோ அந்தப் போக்கைத் தேய்மானமும் காட்ட வேண்டும் என்பதுதான் அது வைக்கும் நிபந்தனை. கிரஷரைப் பொறுத்தவரை அந்தப் போக்கைக் காலண்டரைவிட உடைத்த டன்தான் சரியாகச் சொல்லும்.

சூத்திரம் எளிது:

```
டன்னுக்குத் தேய்மானம் = (அடக்கவிலை − எச்ச மதிப்பு) ÷ வாழ்நாள் மொத்த டன்
வருடத் தேய்மானம் = அந்த வருடம் உடைத்த டன் × டன்னுக்குத் தேய்மானம்
```

பிழை வருவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான். அடக்கவிலைக்குப் பில் இருக்கிறது. எச்ச மதிப்பு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பெரிய சேதமில்லை. வாழ்நாள் மொத்த டன்னைக் கூட்டிப் போட்டுவிட்டால், இயந்திரம் இரும்புக்கடைக்குப் போகும் நாளிலும் ஏட்டில் பெரிய தொகை மிச்சமிருக்கும். அதனால் இந்தப் பதிலில் அந்த எண்ணுக்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் எதை உள்ளே சேர்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜா கிரஷர், கோன் கிரஷர், ஸ்கிரீன் ஆகியவை டன் கணக்கில் தேய்பவை. அஸ்திவாரம், ஷெட், மின்சார பேனல், கேபிள் ஆகியவை கல் உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருப்பவை. இவற்றுக்கு நேர்கோட்டு முறையே சரி. கன்வேயர் இரண்டும் கலந்தது. சட்டமும் உருளையும் ஓட்டத்தில் தேயும், ரப்பர் பெல்ட் வெயிலில் கிடந்தாலே வெடிக்கும். அடக்கவிலையில் குறிப்பிடத்தக்க பங்குள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தேய்மானம் போட வேண்டும் என்று ஐஏஎஸ் 16 சொல்வதால், இப்படிப் பிரிப்பது உங்கள் விருப்பத்துக்கு விட்டதல்ல, செய்தே ஆக வேண்டியது.

ஜா பிளேட், கோனின் மேன்டில், கான்கேவ் போன்ற மாங்கனீசு லைனர்களை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். அவை சில வாரங்களிலோ மாதங்களிலோ தேய்ந்து மாற்றப்படுபவை. அவற்றை உதிரிப்பொருள் செலவாக எழுதி, டன்னுக்கு எவ்வளவு ஆகிறது என்று தனியாகப் பாருங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: புது இயந்திரத்தோடு வரும் முதல் செட் லைனரின் விலை மொத்த பில்லுக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பிரித்து எடுக்காவிட்டால், சில மாதங்களில் தேய்ந்துபோன இரும்புக்கு இன்னும் பத்து வருடம் தேய்மானம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் வழிமுறையைக் காட்டுவதற்கானவை. உங்கள் பில், உங்கள் லாக் புத்தகத்தின் எண்களை அந்தந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜா, கோன் இரண்டும் சேர்ந்த விலை 1,50,00,000 ரூபாய். ஏற்றி வந்தது, நிறுத்தியது, சோதனை ஓட்டம் எல்லாம் சேர்த்து 12,00,000. ஆக 1,62,00,000. அதில் முதல் செட் லைனரின் மதிப்பு 6,00,000 என்று விற்றவரிடமே எழுதி வாங்கிப் பிரித்துவிடுகிறோம். மிச்சம் 1,56,00,000. கடைசியில் விற்றால் 12,00,000 தேறும் என்று எடுத்துக்கொண்டால், தேய்மானமாக எழுத வேண்டிய மொத்தத் தொகை 1,44,00,000. சோதனை ஓட்டத்தில் விழுந்த ஜல்லியை விற்று வந்த பணத்தை அடக்கவிலையிலிருந்து கழிக்கும் பழக்கம் முன்பு இருந்தது. 1.1.2022 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு ஐஏஎஸ் 16 அதை நிறுத்திவிட்டது. அந்த வரவும் அந்த ஜல்லியின் அடக்கமும் நேராக லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும்.

அடுத்து வாழ்நாள் மொத்த டன். கேட்டலாக்கில் மணிக்கு 120 டன் என்று போட்டிருக்கும். அந்த எண், ஒரு குறிப்பிட்ட அளவுக் கல்லை ஒரு குறிப்பிட்ட வாய் இடைவெளியில் இடைவிடாமல் ஊட்டினால் கிடைப்பது. உங்களுக்கு வேண்டியது, டிப்பர் வரத் தாமதமாகி ஹாப்பர் காலியாக ஓடும் நேரமும் பெரிய கல் வாயில் சிக்கி நிற்கும் நேரமும் சேர்ந்த சராசரி. பழைய கிரஷரின் லாக் புத்தகம் இருந்தால் அதிலிருந்து எடுங்கள்: மொத்த டன்னை ஹவர் மீட்டர் காட்டும் மொத்த மணி நேரத்தால் வகுத்தால் போதும். நம் கணக்கில் மணிக்கு 75 டன் என்று வைப்போம். இயந்திரத்தின் பிரேம், ஷாஃப்ட், மெயின் பேரிங் ஆகியவை சிக்கனமாக எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பராமரிப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். 24,000 மணி நேரம் என்று அவர் எழுதிக் கொடுத்தால், 24,000 × 75 = 18,00,000 டன். டன்னுக்கு 1,44,00,000 ÷ 18,00,000 = 8 ரூபாய்.

இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த 18 லட்சத்தை இன்னும் இரண்டு எண்களோடு ஒப்பிட வேண்டும்.

ஒன்று, குவாரியில் இருக்கும் கல். உங்கள் அனுமதிக் காலத்துக்குள் எடுக்கக்கூடிய கல் 14 லட்சம் டன்தான் என்றால், இயந்திரம் 18 லட்சம் உடைக்கும் வலு உள்ளதாக இருந்தும் பயனில்லை. பயன் தரும் காலம் என்பது அந்தச் சொத்து உங்கள் கையில் எவ்வளவு பயன்படும் என்பதுதான். 14 லட்சத்தால் வகுங்கள். கூடவே எச்ச மதிப்பையும் திரும்பப் பாருங்கள், ஏனெனில் இன்னும் வாழ்வு மிச்சமிருக்கும் இயந்திரம் இரும்பு விலைக்குப் போகாது. கழற்றி வேறு குவாரிக்குக் கொண்டுபோவது உறுதியான திட்டமாக இருந்தால் மட்டும் 18 லட்சத்தை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, வருடக் கணக்கு. மொத்த டன்னை நல்ல வருடமும் மந்தமான வருடமும் கலந்த சராசரியால் வகுத்துப் பாருங்கள். சராசரி 1,50,000 டன் என்றால் 12 வருடம் வருகிறது. இந்த வகை இயந்திரத்துக்கு நம்பத்தக்கதுதான். சராசரி 50,000 டன் என்றால் 36 வருடம் வரும். அத்தனை காலம் உதிரிபாகம் கிடைக்குமா, அந்த மாடலின் மின் செலவு போட்டியில் தாங்குமா என்று கேட்டாலே விடை தெரிந்துவிடும். அப்போது டன்னைக் குறைத்தாக வேண்டும். மணி நேரம் தரும் டன், குவாரி தரும் டன், வருடங்கள் தரும் டன் என்ற மூன்றில் சிறியதுதான் வகுக்கும் எண்.

சராசரி எடுக்கும்போது கடைசி இரண்டு நல்ல வருடங்களை மட்டும் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பெரிய சாலை வேலை ஒன்று நடந்த காலத்து டன்னை நிரந்தரம் என்று எடுத்தால் விகிதம் குறைவாக விழும், அந்த ஓரிரு வருட லாபம் அழகாகத் தெரியும். வேலை முடிந்ததும் உண்மை வெளிவரும். குறைந்தது ஒரு முழுச் சுற்று, அதாவது ஏற்றமும் இறக்கமும் அடங்கிய காலம், சராசரிக்குள் வர வேண்டும்.

இனி டன்னை எங்கே அளப்பது என்ற கேள்வி. வகுக்கும் எண்ணையும் வருடாந்தர எண்ணையும் ஒரே புள்ளியில் அளக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் வாழ்நாள் டன்னை ஜா கிரஷருக்குள் போகும் கல்லாகக் கணக்கிட்டுவிட்டு, வருட டன்னை எடைமேடையில் வெளியேறிய லோடுகளிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று வேறுபாடுகள் நுழைகின்றன. ஃபீடர் கம்பிகளின் இடையே விழும் மண்ணும் பொடியும் ஜாவுக்குள் போகாமலே வெளியேறும். யார்டில் குவியும் ஜல்லி உடைக்கப்பட்டது, ஆனால் விற்கப்படவில்லை. லோடு கணக்கில் அது அடுத்த வருடம்தான் வரும். ஸ்கிரீனில் தங்கும் பெருங்கல் திரும்பக் கோனுக்குப் போவதால், கோனுக்கும் ஸ்கிரீனுக்கும் இடையே உள்ள பெல்ட்டில் எடைக்கருவி வைத்தால் ஒரே கல் இரண்டு மூன்று முறை எண்ணப்படும்.

ஜாவிலிருந்து வெளியேறும் முதல் கன்வேயரில் பெல்ட் எடைக்கருவி வைப்பது நல்லது. சுற்றி வரும் கல் அங்கே இல்லை. ஃபீடர் பொடி தனிப் பெல்ட்டில் போகும் அமைப்பாக இருந்தால் அதுவும் அங்கே வராது. எடைக்கருவி இல்லாதவர்கள் விற்ற டன்னோடு இறுதி இருப்பைக் கூட்டி, தொடக்க இருப்பைக் கழித்துக்கொள்ளலாம். இருப்பைக் குவியலின் கன அளவிலிருந்து எடுப்பதானால், ஒரு கன மீட்டருக்கு எத்தனை டன் என்பதை ஒரு டிப்பரை அளந்து எடைபோட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊகித்துப் போடாதீர்கள்.

டன் பதிவு சரியா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாதம் எரிந்த மின்சார யூனிட்டை மாத டன்னால் வகுத்துப் பாருங்கள். கல்லும் வாய் இடைவெளியும் மாறாதபோது இந்த விகிதம் பெரிதாக மாறாது. ஒரு மாதம் அது திடீரென ஏறினால், ஒன்று இயந்திரம் வெறுமனே ஓடியிருக்கிறது, அல்லது லைனர் தேய்ந்திருக்கிறது, அல்லது டன் பதிவில் லோடு விட்டுப்போயிருக்கிறது. டன்தான் தேய்மானத்தைத் தீர்மானிக்கிறது என்றான பிறகு, டன் பதிவில் நடக்கும் தவறு நேரே லாப நட்டக் கணக்கில் வந்து விழும்.

முதல் நான்கு வருடங்களைப் பார்ப்போம். நேர்கோட்டு முறையில் 12 வருடத்துக்கு வருடம் 12,00,000 விழுந்திருக்கும். ஒப்பிட அதையும் தருகிறேன்.

| வருடம் | டன் | அலகு முறைத் தேய்மானம் | நேர்கோட்டு முறையில் டன்னுக்கு |
|---|---|---|---|
| 1 | 2,10,000 | 16,80,000 | 5.71 |
| 2 | 70,000 | 5,60,000 | 17.14 |
| 3 | 2,40,000 | 19,20,000 | 5.00 |
| 4 | 15,000 | 1,20,000 | 80.00 |

அலகு முறையில் நான்கு வருடமும் டன்னுக்கு 8 ரூபாய்தான். மொத்தம் 5,35,000 டன், தேய்மானம் 42,80,000, ஏட்டு மதிப்பு 1,13,20,000. முதல் வருடத்தில் இயந்திரம் பாதியில் வந்து நின்றிருந்தாலும் மாதக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை. உடைத்த டன் அதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இந்த அட்டவணையைப் பார்த்துத் திருப்தியடைந்து உட்கார்ந்துவிட்டால்தான் ஆபத்து. மொத்த டன்னை வருடத்துக்கு ஒருமுறையாவது, கணக்கு முடிக்கும்போது, மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது ஐஏஎஸ் 16 விதி. நான்காம் வருட முடிவில் ஹவர் மீட்டர் 8,000 மணி நேரம் காட்டுகிறது என்று வைப்போம். 5,35,000 ÷ 8,000 என்றால் மணிக்குச் சுமார் 67 டன். நாம் நினைத்தது 75. அதாவது மணி நேரத்தில் பார்த்தால் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு, 33 சதவீதம் போய்விட்டது; டன்னில் பார்த்தால் 30 சதவீதம்கூட எழுதவில்லை. இந்த இரண்டு சதவீதமும் பிரிந்துகொண்டே போவதுதான் வகுக்கும் எண் தப்பு என்பதற்கான முதல் அடையாளம். அதற்காகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள்.

கூடவே இன்னொன்றும் நடந்திருக்கிறது: குவாரியில் புது முகப்பு திறந்ததில் கல் முன்பைவிடக் கெட்டி. இனி மணிக்கு 57.5 டன்தான் வரும் என்று சோதனை ஓட்டத்தில் தெரிகிறது. மிச்சமுள்ள 16,000 மணி நேரத்தை அதனால் பெருக்கினால் 9,20,000 டன். முந்தைய மதிப்பீட்டின்படி மிச்சம் 12,65,000 இருந்திருக்க வேண்டும்.

இப்போது புது விகிதத்தை எடுக்கும் முறை: இன்றைய ஏட்டு மதிப்பிலிருந்து எச்ச மதிப்பைக் கழித்து, மிச்சமுள்ள டன்னால் வகுக்க வேண்டும். 1,13,20,000 − 12,00,000 = 1,01,20,000. அதை 9,20,000 ஆல் வகுத்தால் டன்னுக்கு 11 ரூபாய். ஐந்தாம் வருடத்திலிருந்து 11. பழைய நான்கு வருடங்களைத் தொடவே கூடாது. இது மதிப்பீட்டில் ஏற்பட்ட மாற்றம், பிழை திருத்தம் அல்ல. ஐஏஎஸ் 8 படி முன்னோக்கியே செல்லும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. மொத்த வாழ்நாள் இப்போது 5,35,000 + 9,20,000 = 14,55,000 டன் ஆயிற்றே என்று, பழைய 1,44,00,000 ஐ அதனால் வகுத்து, டன்னுக்கு 9.90 என்று போட்டுவிடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் 5,35,000 டன்னுக்கு 8 ரூபாய்தான் எழுதியிருக்கிறோம். 9.90 வீதம் மிச்ச டன்னுக்கு எழுதினால் சுமார் 91 லட்சம்தான் தீரும். கடைசி நாளில் சுமார் 10 லட்சம் எச்ச மதிப்புக்கு மேல் ஏட்டில் தொங்கும். பழையதில் விட்ட குறையும் மிச்ச டன்னின் தலையில்தான் விழ வேண்டும். அதனால்தான் 11.

எக்செல்லில் இதை ஒரே வரியில் கட்டிவிடலாம். `B` தொடக்க ஏட்டு மதிப்பு, `C` எச்ச மதிப்பு, `D` தொடக்கத்தில் மிச்சமுள்ள டன், `E` இந்த வருட டன் என்றால்:

```
=MIN(E5*(B5-C5)/D5, B5-C5)
```

`MIN` எதற்கு என்றால், மதிப்பிட்டதைவிட அதிக டன் உடைத்துவிட்ட கடைசி வருடத்தில் ஏட்டு மதிப்பு எச்ச மதிப்புக்குக் கீழே போகாமல் தடுக்க. அடுத்த வரியின் `D`யில் சூத்திரம் தானாகக் கழித்துக் கொடுக்கும் டன்னை அப்படியே ஏற்காமல், வருடா வருடம் பொறியாளர் கையெழுத்திட்ட எண்ணை உள்ளிடுங்கள். பரிசீலனை நடந்தது என்பதற்கு அதுவே ஆதாரமாகவும் நிற்கும்.

கல் கெட்டியாவது, வேகம் குறைவது போன்றவை அடிக்கடி நடக்கும் குவாரியாக இருந்தால், டன்னுக்குப் பதில் மணி நேரத்தையே அலகாக வைப்பது மேல் என்பது என் கருத்து. கெட்டிக் கல் ஒரு டன் உடைக்க இயந்திரம் அதிக நேரம் பாடுபடுகிறது. அந்தத் தேய்மானம் மணி நேரத்தில் தெரியும், டன்னில் தெரியாது. நம் எடுத்துக்காட்டில் மணிக்கு 600 ரூபாய் என்று போட்டிருந்தால் நான்கு வருடத்தில் 48,00,000 எழுதியிருப்போம், 42,80,000 அல்ல. ஆனால் கல்லே இல்லாமல் இயந்திரத்தை ஓடவிடும் பழக்கம் உள்ள இடத்தில் மணி நேரம் பொய் சொல்லும். ஒரே வகைக் கல், ஒழுங்கான ஊட்டம் என்றால் டன் போதும். எதைத் தேர்ந்தாலும் விற்பனை ரூபாயை மட்டும் அலகாக வைக்காதீர்கள். ஜல்லி விலை ஏறினால் இயந்திரம் கூடுதலாகத் தேயாது. வருவாயை அடிப்படையாக வைத்த தேய்மானத்தை ஐஏஎஸ் 16 வெளிப்படையாகவே மறுக்கிறது.

ஓடாத வருடத்துக்கு வருவோம். நான்காம் வருடத்தில் 15,000 டன்தான். தேய்மானம் 1,20,000 மட்டும். ஒரு டன்கூட உடைக்காவிட்டால் சுழியம். இது விதிமீறல் அல்ல. சொத்து சும்மா இருந்தாலும் தேய்மானம் நிற்காது என்பது பொது விதி என்றாலும், பயன்பாட்டு அடிப்படையிலான முறையில் உற்பத்தி இல்லாதபோது தேய்மானம் சுழியமாக இருக்கலாம் என்று ஐஏஎஸ் 16 அங்கேயே சொல்லிவிடுகிறது.

ஆனால் இரும்புக்கு அந்த விதி தெரியாது. நிற்கும் கிரஷரில் ஷாஃப்டின் முழுப் பாரமும் பேரிங்கின் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும். கிரீஸ் ஒதுங்கிய இடத்தில் ஈரம் புகுந்தால் உருளைகளில் துரு பிடித்துக் குழி விழும். மறுபடி ஓட்டும்போது பேரிங் சத்தம் போட்டுச் சூடேறுவது இதனால்தான். மோட்டார் காயிலில் ஈரம் ஏறி இன்சுலேஷன் தளரும். ஆகவே சுழியம் என்று எழுதுவதற்கு முன் இரண்டைச் செய்யுங்கள்.

முதலாவது, மிச்ச டன்னைத் திரும்ப மதிப்பிடுங்கள். நின்றதால் வாழ்நாள் குறைந்திருந்தால் அந்தக் குறைவு மிச்ச டன்னில் தெரிய வேண்டும். மந்தம் தொடரும் என்றால் வருடக் கணக்கையும் போடுங்கள். நம் இயந்திரத்தின் நான்கு வருடச் சராசரி 1,33,750 டன். 9,20,000 டன் தீர இன்னும் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், சிக்கல் இல்லை. ஆனால் இனி வருடம் 50,000 டன்தான் என்பது நிலையானால் 18 வருடத்துக்கு மேல் ஆகும். இந்த இயந்திரத்தை இன்னும் 8 வருடம்தான் வைத்திருக்க முடியும் என்பது உங்கள் நிலை என்றால், மிச்ச டன் 4,00,000 தான். விகிதம் டன்னுக்கு 25.30 ஆகிவிடும். மந்தம் நிரந்தரமாகும்போது அலகு முறையும் செலவை ஏற்றித்தான் காட்டும், காட்டவும் வேண்டும்.

இரண்டாவது, மதிப்பிழப்புச் சோதனை. சொத்து சும்மா நிற்பது ஐஏஎஸ் 36 குறிப்பிடும் அறிகுறிகளில் ஒன்று. விற்றால் செலவு போகக் கிடைக்கும் தொகை, தொடர்ந்து ஓட்டினால் வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு ஆகிய இரண்டில் பெரியதை எடுத்து ஏட்டு மதிப்போடு ஒப்பிடுங்கள். ஏட்டு மதிப்பு அதிகம் என்றால் வித்தியாசத்தை அந்த வருடமே நட்டமாக எழுதிவிட வேண்டும். அலகு முறையில் இந்தச் சோதனைக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு: நேர்கோட்டு முறையில் சும்மா நிற்கும் வருடத்திலும் ஏட்டு மதிப்பு இறங்கிக்கொண்டிருக்கும், இங்கே அது அசையாமல் உயரத்திலேயே நிற்கும்.

உங்கள் கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. மந்த வருடத்தில் டன்னுக்கு விழும் செலவு எங்கோ போகிறது என்கிறீர்கள். அதில் ஒரு பங்கு தேய்மான முறையின் குற்றமே அல்ல. அடக்கம் போடும் முறையின் குற்றம். நேர்கோட்டில் வைத்த அஸ்திவாரம், ஷெட், பேனல் ஆகியவற்றுக்கு வருடத் தேய்மானம் 5,40,000 என்றும், இயல்பான உற்பத்தி 1,35,000 டன் என்றும் கொண்டால் டன்னுக்கு 4 ரூபாய். சரக்கிருப்புக்கான ஐஏஎஸ் 2 படி, மந்தமான நான்காம் வருடத்தில் 15,000 டன்னுக்கும் இதே 4 ரூபாய்தான் ஏற்ற வேண்டும், 36 ரூபாய் அல்ல. 60,000 ஜல்லியின் அடக்கத்தில் சேரும். மிச்சம் 4,80,000 அந்த வருடமே லாப நட்டக் கணக்கில் செலவாகப் போகும். உற்பத்தி வழக்கத்தைவிட மிக உயர்ந்த மூன்றாம் வருடத்தில் விகிதத்தை இறக்க வேண்டும்: 5,40,000 ÷ 2,40,000 = 2.25. இல்லாவிட்டால் செலவழித்ததைவிட அதிகம் இருப்பில் ஏறிவிடும். விலை கேட்டு வருபவருக்கு மந்த வருடத்தின் 36 ரூபாயைச் சேர்த்து விலை சொன்னால் ஆர்டர் போய்விடும்; அது டன்னின் செலவல்ல, பிளாண்ட் சும்மா நின்றதன் செலவு.

அலகு முறைத் தேய்மானத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. டன்னோடு பிறந்து டன்னோடு போகிறது. ஆனால் அது உற்பத்தியோடு போகும், விற்பனையோடு அல்ல. மூன்றாம் வருடம் உடைத்த 2,40,000 டன்னில் 40,000 யார்டில் கிடந்தால், 19,20,000 தேய்மானத்தில் 3,20,000 இருப்பு மதிப்புக்குள் போய், அந்த ஜல்லி விற்கும்போதுதான் செலவாக வர வேண்டும்.

பழைய கிரஷரையும் இந்த முறைக்கு மாற்ற நினைத்தால், அதற்கும் மேலே சொன்ன மறுமதிப்பீட்டு வழியேதான். முறையை மாற்றுவதும் மதிப்பீட்டு மாற்றமாகவே கொள்ளப்படுகிறது. மாறும் நாளில் ஏட்டு மதிப்பு 48,00,000, எச்ச மதிப்பு 6,00,000, பொறியாளர் சொல்லும் மிச்ச வாழ்வு 3,50,000 டன் என்றால் டன்னுக்கு 12 ரூபாய், அன்றிலிருந்து அதுதான். பயன் தீரும் போக்கு டன்னோடு ஒத்துப்போகிறது என்பதற்கான லாக் புத்தகச் சான்றைக் கோப்பில் வையுங்கள். நல்ல வருடத்தில் நேர்கோடு, மந்த வருடத்தில் டன் என்று மாறி மாறிப் போட முடியாது. எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். வரிக் கணக்கில் எந்த முறை செல்லும் என்பதை அந்தந்த நாட்டு வரிச் சட்டம்தான் சொல்லும். அது இதிலிருந்து வேறுபட்டால் வரிக்கான சொத்துப் பதிவேட்டைத் தனியாகப் பராமரித்து, இரண்டு ஏட்டு மதிப்புகளின் வித்தியாசத்துக்கு ஒத்திவைத்த வரியைக் கணக்கிடுங்கள். உற்பத்தி ஏறி இறங்குவதால் அந்த வித்தியாசம் ஒரு வருடம் கூடும், மறு வருடம் குறையும். அதனால் அதை வருடா வருடம் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.